பில் சரியாக இருக்கிறது, மதிப்பெண் மட்டும் இடிக்கிறது: 40 ஆவணச் சோதனையில் பிழை தேடும் வழிமுறை

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி மண்டி. அதன் கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து, அதிலிருந்து விவரங்களைத் தானாகப் படித்தெடுக்கும் ஒரு கருவியை நீங்கள் புதுச்சேரியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கு 40 பில்கள். ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டியவை பில் எண், தேதி, விற்றவர் பெயர், ஊர், முகவரி, ஜிஎஸ்டி எண், நிகர எடை, மொத்தத் தொகை என்று எட்டு ஃபீல்டுகள். இந்த 40-க்கும் சரியான விவரங்களை ஒருவர் கையால் தட்டெழுதி வைத்திருக்கிறார். அதை இங்கே விடைத்தாள் என்று சொல்கிறேன். இனி வரும் எண்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை.

அளவுகோல்கள் இரண்டு. ஃபீல்டு துல்லியம் என்பது விடைத்தாளில் உள்ளதும் கருவி தந்ததும் அப்படியே ஒத்துப்போன ஃபீல்டுகள் எத்தனை சதவீதம் என்பது. ஓர் எழுத்து பிசகினாலும் அந்த ஃபீல்டு தவறுதான். எழுத்துப் பிழை விகிதம், அதாவது சிஇஆர், என்பது கருவி தந்ததை விடைத்தாளாக மாற்ற எத்தனை எழுத்துகளை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்று எண்ணி, விடைத்தாளின் எழுத்து எண்ணிக்கையால் வகுப்பது.

```
CER = (S + D + I) / N
```

S மாறிப்போனவை, D விடுபட்டவை, I அதிகப்படியாக வந்தவை, N விடைத்தாளில் உள்ள எழுத்துகள். கணக்கு இவ்வளவுதான். ஆனால் 40 பில் மட்டுமே இருக்கும்போது அளக்கும் முறையில் உள்ள சின்னக் கோளாறுகூட மதிப்பெண்ணைப் பத்து, இருபது புள்ளி நகர்த்திவிடும். எனவே எண் விசித்திரமாக வந்தால் கருவியைத் திருத்தப் போவதற்கு முன் அளவையைச் சோதியுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் அறிகுறியை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தமிழ் ஆவணம் என்றால் அது இல்லாமல் போவது அபூர்வம்.

## அறிகுறி 1: கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது, நிரல் தவறு என்கிறது

ஊர் ஃபீல்டில் விடைத்தாள் ‘தொழுதூர்’ என்கிறது. கருவியும் ‘தொழுதூர்’ என்றே தருகிறது. நிரலோ தவறு என்று சொல்லி, சிஇஆர் 25% என்றும் காட்டுகிறது.

காரணம் ‘தொ’வில் இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை U+0BCA என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு U+0BC6, கால் U+0BBE என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. முதல் வகையில் ‘தொழுதூர்’ எட்டுக் குறியீடுகள், இரண்டாம் வகையில் ஒன்பது. ஒன்றை மற்றொன்றாக்க ஒரு மாற்றமும் ஒரு நீக்கமும் வேண்டும். இரண்டை எட்டால் வகுத்தால் 25%. ஒரு பிழையும் இல்லாத இடத்தில் கால்பங்கு பிழை!

உறுதிப்படுத்த, தவறு என்று வந்த ஒரு ஜோடியை எடுத்துக் குறியீடுகளைப் பிரித்துப் பாருங்கள்.

```python
print([hex(ord(c)) for c in ref])
print([hex(ord(c)) for c in hyp])
```

இரண்டு பட்டியலும் வேறாக இருந்தால் விஷயம் எழுத்துக் குறியீட்டில்தான். மருந்து, ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒரே வடிவமாக்கும் NFC இயல்பாக்கம். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் அதன் வழியே அனுப்ப வேண்டும். ஆனால் அதை மட்டும் செய்தால் போதாது. வலைத்தளங்களிலிருந்தும் பழைய தட்டச்சுக் கருவிகளிலிருந்தும் வரும் உரையில் U+200C போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று கொம்புக்கும் காலுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டால் NFC-யால் அவற்றைச் சேர்க்க முடியாது. அதனால் அவற்றை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் NFC.

```python
import re, unicodedata

def norm_text(s):
    s = re.sub(r"[\u200b-\u200d\ufeff]", "", s or "")
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                  "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
    return " ".join(s.split())
```

நடுவில் உள்ள அந்த `replace` வரி எதற்கு என்றால், பண்ருட்டி உள்ள கடலூர் மாவட்டத்தில்தான் ஸ்ரீமுஷ்ணம் இருக்கிறது. ‘ஸ்ரீ’யை U+0BB8-இல் தொடங்கியும் எழுதுகிறார்கள், U+0BB6-இல் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை வேறு வேறு எழுத்துகள் என்பதால் NFC இவற்றைத் தொடாது. நாமேதான் ஒன்றாக்க வேண்டும். ஊர்ப் பெயரில் மட்டுமில்லை, கடைப் பெயர்கள் பலவும் இதில்தான் தொடங்கும்.

இதே ஆசையில் ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் ஒன்றாக்க ‘ெள’ வருமிடமெல்லாம் ‘ௌ’ என்று மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ‘வெள்ளை’யும் ‘தெளிவு’ம் உடைந்துபோகும். பெயர் ஃபீல்டில் அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் கையால் ஓர் இணைப் பட்டியல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எண்களுக்கு வேறு விதி. விடைத்தாளில் 125400, கருவி தந்தது ‘ரூ.1,25,400.00’. இரண்டும் ஒரே தொகைதான். பலரும் இங்கே எண்ணும் புள்ளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுகிறார்கள். ‘ரூ.’வில் உள்ள புள்ளி மிஞ்சி, `.125400.00` என்று ஆகி, நிரல் விழுந்துவிடும். சிலர் அதற்குப் பயந்து புள்ளியையும் நீக்குகிறார்கள். அது இன்னும் மோசம். கருவி தசமப் புள்ளியைத் தவறவிட்டு 1254.00-ஐ 125400 என்று படித்தாலும் இரண்டும் சமமாகிவிடும், நூறு மடங்குப் பிழை ‘சரி’ என்று பதிவாகும். எண்ணாக இருக்கும் துண்டை மட்டும் தேடி எடுப்பதுதான் ஒழுங்கு:

```python
from decimal import Decimal

def norm_amount(s):
    m = re.search(r"\d[\d,]*(?:\.\d+)?", s or "")
    return Decimal(m.group().replace(",", "")) if m else None
```

எந்த அளவுக்கு இயல்பாக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே. அந்த வேறுபாட்டோடு பதிவு மண்டிக் கணக்குக்குள் போனால் யாருக்காவது நஷ்டமோ குழப்பமோ வருமா? வராது என்றால் இயல்பாக்கலாம். வரும் என்றால் அது பிழை, அப்படியே இருக்கட்டும். ‘TN 31’, ‘TN31’ இடைவெளி வேறுபாட்டால் எந்த நஷ்டமும் இல்லை. இனிஷியல் மாறினால் உண்டு.

மதிப்பெண்ணை இரண்டு விதமாகவும் எழுதி வையுங்கள், இயல்பாக்கத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. விற்றவர் பெயர் ஃபீல்டில் முன் 19/40, பின் 31/40 என்று வந்தால், அந்த 12 பில்களில் கருவி ஒரு தப்பும் செய்யவில்லை என்று அர்த்தம். மிச்சம் 9. அவற்றை அடுத்த அறிகுறியில் பார்ப்போம்.

## அறிகுறி 2: இயல்பாக்கிய பிறகும் சில ‘தவறுகள்’ சரியாகவே இருக்கின்றன

அந்த ஒன்பது ஜோடிகளையும் பில் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்பதுதானே, அரை மணி நேர வேலை. சிறிய சோதனைத் தொகுப்பின் பெரிய லாபம் இதுதான். எல்லாத் தவறையும் கண்ணால் பார்த்துவிட முடியும்.

பார்த்தால், சிலவற்றில் தவறு விடைத்தாளில் இருக்கும். தட்டெழுதியவர் கை தவறியிருப்பது ஒரு வகை. அதைவிட அடிக்கடி வருவது நல்லெண்ணத்தால் வரும் தவறு. பில்லில் ‘முத்தாண்டிகுப்பம்’ என்று ஒற்று இல்லாமல் அச்சாகியிருக்கும். தட்டெழுதுபவர் உள்ளூர்க்காரர், சரியான பெயர் தெரியும், ‘முத்தாண்டிக்குப்பம்’ என்று அடித்துவிடுவார். கருவி பில்லில் இருப்பதை அப்படியே படித்து, ஒரு ‘க்’ குறைந்ததற்காகத் தவறு வாங்கும்.

இதற்கு மருந்து ஒரு வரி விதி: பில்லில் உள்ளபடியே அடிக்க வேண்டும், அதில் பிழை இருந்தாலும். ஊர்ப் பெயரைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவருவது பிறகு நடக்கும் தனி வேலை, அதைத் தனியாக அளக்கலாம். மண்டிக்காரருக்குச் சரியான பெயர்தான் வேண்டும் என்றால் விதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. 40 பில்லுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் 40-ஐயும் இரண்டு பேர் ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல் அடிக்கட்டும். இருவரும் வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாவது ஆள் பில்லைப் பார்த்துத் தீர்ப்பார். இருவரே ஒரு ஃபீல்டில் அடிக்கடி வேறுபட்டால் அந்தக் கையெழுத்தோ அச்சோ உண்மையிலேயே புரியாதது. அந்த ஃபீல்டில் கருவியிடம் 100% கேட்பது நியாயமில்லை.

நேரம் மிச்சம் என்று கருவியின் வெளியீட்டையே விடைத்தாளில் நிரப்பிக் கொடுத்து, ‘தப்பு இருந்தா திருத்துங்க’ என்று சொல்வது வழக்கம். அப்படிச் செய்தால் மதிப்பெண் உயரும், உண்மை உயராது. ‘3,580’ என்று முன்னாலேயே நிரம்பியிருந்தால், பில்லில் ‘3,530’ என்று இருப்பதைக் கண் தாண்டிவிடும். பழைய கருவியை வைத்து நிரப்பிய விடைத்தாளில் புதிய கருவியைச் சோதித்தால் இன்னும் சிக்கல். பழையதன் தவறுகளே விடையாக நிற்கும், புதியது சரியாகப் படித்ததற்குத் தண்டனை பெறும்.

நம் ஒன்பதில் மூன்று விடைத்தாள் தவறு என்று வந்ததாக வைத்துக்கொண்டால், விற்றவர் பெயரின் உண்மையான மதிப்பெண் 34/40. விடைத்தாளைத் திருத்தும்போது ‘தவறு’ என்று வந்தவற்றை மட்டும் திருத்தினால் மதிப்பெண் ஒரு பக்கமாகவே ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘சரி’ என்று வந்தவற்றிலிருந்தும் ஒரு பத்தை எடுத்துப் பில்லோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

## அறிகுறி 3: சிஇஆர் அழகாக 1%-இல் நிற்கிறது, மண்டியில் திட்டு விழுகிறது

‘ஒரு சதவீதம்தான் பிழை’ என்று நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்துவிட்டு மண்டிக் கணக்கர், ‘நாலு பில்லுக்கு ஒரு பில்லில் தொகை தப்பா வருதே சார்’ என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

முகவரி ஃபீல்டு சராசரியாக 60 எழுத்து என்றால் 40 பில்லில் 2,400 எழுத்து. மொத்தத் தொகை ஒன்பது எழுத்து, 40 பில்லில் 360. முகவரிகளில் மொத்தம் 24 பிழைகள். தொகையில் பத்துப் பில்களில் ஆளுக்கு ஒரு இலக்கம் தவறு, ஆக 10 பிழைகள். இரண்டையும் கூட்டினால் 2,760 எழுத்தில் 34 பிழை, சிஇஆர் 1.2%. ஆனால் தொகை ஃபீல்டின் துல்லியம் 30/40, அதாவது 75%. நீளமான முகவரி, குட்டையான தொகையைத் தன் நிழலில் மறைத்துவிட்டது.

எனவே எல்லா ஃபீல்டையும் ஒரே குவியலாகப் போட்டு ஒரு சிஇஆர் சொல்லாதீர்கள். ஃபீல்டு வாரியாகப் பிரியுங்கள். தொகை, எடை, தேதி, ஜிஎஸ்டி எண் ஆகியவற்றுக்குத் துல்லியத்தை மட்டும் சொல்லுங்கள். அங்கே ஒரு இலக்கத் தவறும் எட்டு இலக்கத் தவறும் மண்டிக்கு ஒன்றுதான். பெயர், முகவரி போன்றவற்றுக்கு இரண்டையும் சொல்லலாம், ஏனென்றால் முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் மனிதருக்குப் புரியும்.

எழுத்தளவில் சின்னப் பிழை நீளமான ஃபீல்டில் எப்படிப் பெருகும் என்பதற்கு ஜிஎஸ்டி எண் நல்ல உதாரணம். 15 எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் 98% சரியாக வரும், ஒன்றின் தவறு மற்றொன்றைப் பாதிக்காது என்று கொண்டால், 15-ம் சரியாக வரும் வாய்ப்பு 0.98-ஐ 15 முறை பெருக்கியது. கிட்டத்தட்ட 74%. நிஜத்தில் தவறுகள் ஒரே மங்கலான பில்லில் கூட்டமாக வரும், அதனால் துல்லியம் இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கலாம். ஆனால் ‘98% எழுத்து சரி’ என்பதைக் கேட்டு ‘98% ஜிஎஸ்டி எண் சரி’ என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது.

அப்படியானால் எண் ஃபீல்டுகளில் சிஇஆருக்கு வேலையே இல்லையா? அறிக்கையில் இல்லை, நோய் கண்டுபிடிப்பதில் உண்டு, அதுவும் எச்சரிக்கையோடு. தவறாக வந்த ஃபீல்டுகளில் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று பாருங்கள். ஒன்று இரண்டு என்றால் பெரும்பாலும் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறது, 0-வை O என்றோ 5-ஐ S என்றோ. நிறைய வித்தியாசம் என்றால் வேறு இடத்திலிருந்து எடுத்திருக்கிறது. முதல் வகைக்கு ஸ்கேன் தரத்தையும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆரையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஃபீல்டைத் தேடும் பகுதியைப் பார்க்க வேண்டும். மருந்து முற்றிலும் வேறு.

எச்சரிக்கை ஏன் என்றால் எடைமேடைச் சீட்டைப் பாருங்கள். மொத்த எடை 5840, வண்டி எடை 2260, நிகர எடை 3580. கருவி நிகர எடையாக 5840-ஐத் தந்துவிட்டது. 3580-க்கும் 5840-க்கும் எழுத்து வித்தியாசம் எவ்வளவு? முன்னால் உள்ள 3-ஐ நீக்கி, நடுவில் 4-ஐச் சேர்த்தால் போதும், இரண்டே. 5-ம் 8-ம் 0-வும் தற்செயலாக ஒத்துப்போனதால், பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுத்த முழுத் தவறு சின்ன வாசிப்புப் பிழை போல வேஷம் போடுகிறது. இதைப் பிடிக்கச் சிஇஆரை நம்பாமல் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: கருவி தந்த தவறான மதிப்பு அதே பில்லில் வேறு எங்காவது அப்படியே இருக்கிறதா? இருந்தால் இடம் மாறிய தவறு. ஒவ்வொரு தவறுக்கும் ‘வாசிப்பு’, ‘இடம்’, ‘விடுபட்டது’ என்று ஒரு குறிப்பு போட்டுக்கொண்டே போனால், எதை முதலில் திருத்துவது என்பது தானாகவே தெரியும்.

## அறிகுறி 4: சிஇஆர் 100%-ஐத் தாண்டுகிறது

நிரல் பிழை என்று பயப்பட வேண்டாம், கணக்குப்படி அது நடக்கக்கூடியதே. விடைத்தாளில் ‘கடலூர்’, ஆறு குறியீடுகள். கருவி தந்தது ‘கடலூர் மாவட்டம், 607001’. அதிகப்படியாக வந்தவை 17. பதினேழை ஆறால் வகுத்தால் 283%.

இது தனி ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. பிரச்சினை சராசரியில் வருகிறது. ஒவ்வொரு பில்லின் சிஇஆரையும் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், மற்ற 39 ஊர்களும் பிழையே இல்லாமல் வந்திருந்தாலும் சராசரி 7% ஆகிவிடும். எனவே முதலில் எல்லாப் பில்லின் பிழைகளையும் கூட்டி, எல்லாப் பில்லின் எழுத்துகளையும் கூட்டி, கடைசியில் ஒருமுறை வகுங்கள். விடைத்தாள் காலியாக உள்ள ஃபீல்டில் N பூஜ்யம். அதைச் சிஇஆர் கணக்கில் சேர்க்காதீர்கள், அடுத்த அறிகுறியில் வருகிற மாதிரி தனியாக எண்ணுங்கள். சிலர் 100%-ஐத் தாண்டக் கூடாது என்பதற்காக இரண்டில் நீளமானதால் வகுக்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதற்குச் சிஇஆர் என்று பெயர் வைத்தால் வேறொருவரின் சிஇஆரோடு ஒப்பிட முடியாமல் போகும்.

ஒன்றிரண்டு இல்லாமல் ஏறக்குறைய எல்லாப் பில்லிலும், எல்லா ஃபீல்டிலும் சிஇஆர் மிக அதிகம் என்றால், அது வேறு கதை. பில்லும் விடையும் ஜோடி மாறியிருக்கின்றன. கோப்புப் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினால் `bill_1`, `bill_10`, `bill_11` என்று போகும், `bill_2` பின்னால்தான் வரும். விடைத்தாளோ 1, 2, 3 என்று இருக்கும். முதல் பில் மட்டும் சரியாக வந்து இரண்டாவதிலிருந்து எல்லாம் தவறு என்றால் இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். வரிசையை நம்பாமல் கோப்புப் பெயரையே சாவியாக வைத்து இணையுங்கள்.

எண்ணும் அலகு பற்றி ஒரு குறிப்பு. ‘காடாம்புலியூர்’ குறியீட்டுக் கணக்கில் 14, எழுத்துக் கணக்கில் 7. கருவி ‘காடம்புலியூர்’ என்று ஒரு காலை விட்டுவிட்டால் முதல் கணக்கில் 7.1%, இரண்டாவதில் 14.3%. இரண்டும் சரி. பைத்தானில் `regex` தொகுப்பின் `\X` கொண்டு எழுத்தாகப் பிரிக்கலாம், ஆனால் அது ‘க்ஷ’வை இரண்டாகத்தான் எண்ணும். எதை எடுத்தாலும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 5: ஜிஎஸ்டி எண்ணில் 78%, ஆனால் எண் வந்த பில்லே குறைவாகத் தெரிகிறது

முந்திரிக் கொட்டையை நேராக விவசாயியிடம் வாங்கினால் அவருக்குப் பெரும்பாலும் ஜிஎஸ்டி எண் இருக்காது. வியாபாரியிடம் வாங்கினால் இருக்கும். நம் 40-இல் 22 விவசாயி பில், 18 வியாபாரி பில் என்று கொள்வோம். 22-லும் விடைத்தாள் காலி, கருவியும் காலியாகவே விட்டது, ஆக 22 சரி. 18-இல் 9 சரி, 5 காலி, 4 தவறான எண். மொத்தம் 31/40, 78%.

அந்த 78%-இல் பெரும்பங்கு ‘ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை’ என்று சொன்னதற்குக் கிடைத்தது. எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் காலியாக விடும் ஒரு கருவி கூட இங்கே 22/40, 55% வாங்கும். எனவே காலி இருக்கக்கூடிய ஃபீல்டை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். எண் இருந்த 18-இல் எத்தனை சரியாக வந்தன: 9, அதாவது 50%. கருவி எண் தந்த 13-இல் எத்தனை சரி: 9, அதாவது 69%. காலியாக இருக்க வேண்டிய 22-இல் எத்தனையில் ஏதாவது நிரப்பியது: இங்கே பூஜ்யம்.

அந்த மூன்றாவதைத்தான் புதிய பதிப்பு வரும்போது கவனிக்க வேண்டும். விவசாயியிடம் வாங்கும்போது பில் போடுவது பெரும்பாலும் மண்டிதான், பில்லின் தலைப்பில் மண்டியின் சொந்த ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கும். எண்ணைத் தேடுவதில் கொஞ்சம் ஆர்வம் கூடிய கருவி அதை எடுத்து விற்றவர் எண் என்று நிரப்பிவிடும். காலியாக விட்டால் கணக்கர் கையால் அடித்துக்கொள்வார். தவறாக நிரப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் கணக்கில் காலியை விடத் தவறான நிரப்பலே பெரிய குற்றம்.

## அறிகுறி 6: புதிய பதிப்பு 85%-இலிருந்து 90%-க்கு ஏறியது. ஏறியதா?

40-இல் 34 என்பது 36 ஆனது. இரண்டு பில். 36/40-க்கு, உண்மையான துல்லியம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95% நம்பக இடைவெளியை வில்சன் முறையில் போட்டால் ஏறக்குறைய 77-இலிருந்து 96 வரை வருகிறது. 34/40-க்கு 71-இலிருந்து 93 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பெரும்பாலும் படிந்து கிடக்கின்றன. 40-க்கு 40 வாங்கினால்கூடப் பிழையே இல்லை என்று ஆகாது. ஒரு தவறும் வராதபோது போடும் தோராயக் கணக்கு, 3-ஐப் பில் எண்ணிக்கையால் வகுப்பது. 3-ஐ 40-ஆல் வகுத்தால் 7.5%. அந்த அளவுவரை பிழை இருந்தும் இந்த 40-இல் தலைகாட்டாமல் போயிருக்க வாய்ப்புண்டு.

ஆனால் இரண்டு பதிப்பும் அதே 40 பில்லைத்தான் படித்திருக்கின்றன, அதனால் இதைவிடக் கூர்மையாகப் பார்க்க முடியும். இரண்டிலும் சரி, இரண்டிலும் தவறு என்று வந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். மாறியவற்றை மட்டும் எண்ணுங்கள். பழையதில் தவறாக இருந்து புதியதில் சரியானவை 4, சரியாக இருந்து கெட்டுப்போனவை 2 என்றால், ஆறு முறை காசு சுண்டி நாலு தலை விழுந்ததற்குச் சமம். இப்படியோ இதைவிடச் சாய்வாகவோ, எந்தப் பக்கமாவது, தற்செயலாக விழும் வாய்ப்பு 64-இல் 44. இதை வைத்து முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. ஆறும் ஒரே பக்கம் சரியாகி ஒன்றும் கெடவில்லை என்றால் அந்த வாய்ப்பு 64-இல் 2, அப்போது நம்பலாம். கெட்டுப்போன இரண்டையும் திறந்து பாருங்கள். முன்னேற்றம் எவ்வளவு என்பதை விட அவை ஏன் கெட்டன என்பதுதான் அங்கே உபயோகமான தகவல்.

இன்னொன்று, 40 பில் என்பது 40 விதமான பில் ஆகாது. ஆறே வியாபாரிகளின் அச்சடித்த பில் புத்தகங்களிலிருந்து வந்திருந்தால், ஒரு வடிவத்தைச் சரிசெய்த உடனே ஏழெட்டுப் பில் ஒரேயடியாகச் சரியாகும். மேலே சொன்ன இடைவெளிகள் அப்போது உண்மையை விடக் குறுகலாகத் தெரியும். ‘எத்தனை பில்’ என்பதோடு ‘எத்தனை வடிவம்’ என்பதையும் எழுதுங்கள். 34-இல் தொடங்கும் புதுச்சேரி ஜிஎஸ்டி எண் உள்ள பில் இரண்டே இருந்தால், 33-இல் தொடங்கும் தமிழ்நாட்டுப் பில்லை விட அவற்றில் கருவி மேலா கீழா என்ற கேள்விக்கு இந்தத் தொகுப்பில் பதில் இல்லை. அடுத்த முறை பில் சேர்க்கும்போது விற்பவர் வாரியாக இரண்டு மூன்று என்று எடுத்து, வில்லியனூர்ப் பக்கத்து வியாபாரிகளிடமிருந்தும் சில வாங்கிக்கொள்ளுங்கள். மேலும், கருவியைத் திருத்தும்போது பார்த்துப் பார்த்துத் திருத்திய அதே 40-ஐக் கடைசி மதிப்பெண்ணுக்கும் பயன்படுத்தாமல், இருபதையாவது யாரும் திறக்காத தனி உறையில் வைத்துவிடுங்கள்.